ஒரே இன்வொய்ஸுக்கு இரண்டு தரம் காசு போய்விட்டால்: கணக்கைத் திருத்துவதும் மனேஜருக்கு மடல் எழுதுவதும்

மாதத்தின் கடைசி நாள், பின்னேரம் மூன்று மணி. சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்டையும் உங்கள் லெஜரையும் பக்கத்தில் வைத்து டிக் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். லெஜரில் மீதி பூச்சியம். அவர்களுடைய தாளிலோ உங்கள் கம்பனி 486,750 ரூபா கூடுதலாகக் கட்டியிருப்பதாக இருக்கிறது. அவர்கள்தான் பிழை விட்டிருப்பார்கள் என்று முதலில் தோன்றும். வங்கிக் கூற்றைத் திறந்து பார்த்தால் அதே தொகை, அதே கணக்குக்கு, இரண்டு வெள்ளிக்கிழமைகளில் போயிருக்கிறது.

எனக்கு இது நடந்தது யூனியன் பிளேஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில், கொடுப்பனவுப் பகுதியில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு ஜூலை மாதக் கடைசியில். கணக்கைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனால் நிதி முகாமையாளருக்கு அதைச் சொல்லும் மடலை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அதைவிடக் கூடுதல் நேரம் போனது. இப்போது புதிதாகச் சேருகிறவர்களும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தச் சம்பவத்தையே எடுத்து, என்ன நடந்தது, என்ன செய்தோம், மடலில் எதை எந்த வரிசையில் எழுதினேன் என்று சொல்கிறேன். தொகைகளை மட்டும் கணக்கு இலகுவாகப் புரிவதற்காக மாற்றியிருக்கிறேன். கொழும்பில் அநேகமான அலுவலகங்களில் இந்த மடல் ஆங்கிலத்தில்தான் போகும். நான் தமிழில் தருகிறேன், வரிசை ஒன்றுதான்.

இன்னொன்று: நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில் வரவு, செலவு என்று படித்ததை இந்தியப் புத்தகங்களில் பற்று, வரவு என்று எழுதுகிறார்கள். ஒருவருடைய வரவு மற்றவருக்கு நேர் எதிர். குழப்பம் வேண்டாம், டெபிட், கிரெடிட் என்றே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: எது இரண்டு தரம் நடந்தது?

"இரண்டு தரம் காசு போய்விட்டது" என்ற ஒரே வசனத்துக்குள் இரண்டு வேறு பிழைகள் இருக்கலாம், திருத்தும் விதமும் வேறு. ஒன்று, இன்வொய்ஸ் ஒரு தரம்தான் பதிவாகியிருக்கிறது, கொடுப்பனவு மட்டும் இரண்டு தரம் போயிருக்கிறது. கொடுப்பனவுக் கோப்பை வங்கித் தளத்தில் இரண்டாம் முறை ஏற்றிவிடுவது இந்த வகை. இது பெரும்பாலும் தானாகவே வெளியே வரும், ஏனென்றால் இரண்டாவது கொடுப்பனவு உங்கள் காசேட்டில் இருக்காது, வங்கிக் கூற்றில் மட்டும் இருக்கும். காசேட்டிலும் பதிந்திருந்தால் சப்ளையர் லெஜரில் டெபிட் மீதி நிற்கும், அதுவும் கண்ணில் படும்.

மற்றது, இன்வொய்ஸே இரண்டு தரம் பதிவாகி, இரண்டுக்கும் ஒழுங்காக அனுமதி வாங்கி, ஒழுங்காகக் காசு போயிருப்பது. இதுதான் மோசமானது. இரண்டு இன்வொய்ஸ், இரண்டு கொடுப்பனவு, மீதி பூச்சியம், எல்லாம் அழகாக இருக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

கிராண்ட்பாஸில் இருந்து அட்டைப்பெட்டி தரும் ஒரு சப்ளையர். ஜூலை தொடக்கத்தில் லொறியில் பெட்டிகள் வந்தபோது சாரதி கையில் ஒரு இன்வொய்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டோர்ஸில் பொருளை எண்ணி, பொருள் கிடைத்ததைப் பதியும் ஜி.ஆர்.என் போட்டு, இரண்டையும் சேர்த்து எங்களுக்கு அனுப்பினார்கள். அது 3ஆம் திகதி INV-4471 என்ற எண்ணில் பதிவாகி, 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை காசு போனது. அதே இன்வொய்ஸை அவர்களுடைய அலுவலகம் மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தது. 17ஆம் திகதி தேங்கிக் கிடந்த மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது அதை எடுத்து நான் பதிந்தேன், வெறும் 4471 என்று. ஒரே சப்ளையருக்கு ஒரே இன்வொய்ஸ் எண் மறுபடி வந்தால் எங்கள் சிஸ்டம் தடுக்கும், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான். INV-4471 ஒன்று, 4471 இன்னொன்று, அதற்கு இரண்டும் வேறு. அந்த இடத்தில் இன்னொரு அடையாளமும் இருந்தது: பொருத்துவதற்குத் திறந்த ஜி.ஆர்.என் எதுவும் சிஸ்டத்தில் இல்லை. ஏன் இல்லை என்று ஸ்டோர்ஸில் கேட்டிருக்க வேண்டும். நான் ஜி.ஆர்.என் தேவைப்படாத நேரடிச் செலவு என்ற வழியில் பொதியிடல் செலவுக் கணக்கில் போட்டேன். 25ஆம் திகதி அதற்கும் காசு போனது.

ஒவ்வொரு இன்வொய்ஸும் பொருளின் பெறுமதி 412,500, அதற்கு 18 வீதம் வற் 74,250, மொத்தம் 486,750 ரூபா.

வங்கிக் கணக்கிணக்கம் ஏன் பிடிக்கவில்லை?

மனேஜர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது, அதனால் முதலில் உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். வங்கிக் கணக்கிணக்கம் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: காசேட்டில் உள்ளது வங்கியில் இருக்கிறதா, வங்கியில் உள்ளது காசேட்டில் இருக்கிறதா. எங்கள் விடயத்தில் இரண்டு கொடுப்பனவும் காசேட்டில் இருந்தன, இரண்டும் வங்கியிலும் இருந்தன. இரண்டும் பொருந்தின. அந்தக் காசு கொடுக்கப்பட்டிருக்க வேண்டுமா என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை வெளியில் இருந்துதான் வர வேண்டும், அதாவது சப்ளையருடைய ஸ்டேட்மென்டில் இருந்து. அவர்கள் ஒரு தரம்தான் விற்றார்கள், ஆகவே அவர்களுடைய கணக்கில்தான் கூடுதல் காசு நிற்கும்.

இதனால்தான் "லெஜர் மீதி பூச்சியம், ஸ்டேட்மென்ட் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. அந்த மாதம் பெரிய தொகை போன சப்ளையர்களிடம், மீதி பூச்சியமாக இருந்தாலும், ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள்.

கண்டுபிடித்த அன்று செய்ய வேண்டியவை

முதல் வேலை, அந்த சப்ளையருக்குப் போகும் கொடுப்பனவைச் சிஸ்டத்தில் நிறுத்தி வைப்பது. எங்களுக்கு அவர்களுடைய இன்னொரு இன்வொய்ஸ், 198,240 ரூபா, ஆகஸ்ட் திகதியில் வரவிருந்தது, அதை 8ஆம் திகதி கொடுக்க வேண்டும். கணக்கு தெளியும்வரை அது கொடுப்பனவுப் பட்டியலில் ஏறக்கூடாது.

அடுத்தது, மனேஜரிடம் வாயால் சொல்லிவிடுவது. மடலுக்காகக் காத்திருக்க வேண்டாம். "மேடம், அட்டைப்பெட்டி சப்ளையருக்கு ஒரு இன்வொய்ஸ் இரண்டு தரம் போயிருக்கிறது, 486,750. சப்ளையருடைய ஸ்டேட்மென்டிலும் இருக்கிறது. இப்போது அவர்களுடன் கதைக்கப் போகிறேன், ஐந்து மணிக்குள் சொல்கிறேன்." இவ்வளவு போதும். காரணம் என்ன என்று அந்த நிமிடத்தில் ஊகித்துச் சொல்லாதீர்கள், பிறகு அது வேறாக இருந்தால் இரண்டு தரம் விளக்க வேண்டி வரும்.

அப்புறம் சப்ளையருக்குப் போன் எடுங்கள். செஃப்ட்ஸ் வங்கிப் பரிமாற்றத்தில் போன காசு உடனே அவர்களுடைய கணக்கில் விழுந்துவிடும், வங்கி தன்னிச்சையாக அதைத் திருப்பி எடுக்க முடியாது, பெற்றவர் சம்மதித்துத் திருப்ப வேண்டும். காசோலையாக இருந்து இன்னும் மாறாமல் இருந்தால் மட்டும் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை.

போனில் இரண்டு விடயம் கேட்க வேண்டும். இரண்டு தொகையும் கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்துவார்களா, காசைத் திருப்பி அனுப்புவார்களா அல்லது அடுத்த இன்வொய்ஸில் கழிப்பார்களா. எது என்று நீங்கள் போனில் முடிவு சொல்லிவிட வேண்டாம், அது மனேஜருடைய முடிவு. என் அபிப்பிராயம், தொகை அடுத்த ஒன்றிரண்டு வாரத்து வாங்கலுக்குள் அடங்கும் என்றால் கழிப்பது சரி, அதைவிடப் பெரிதென்றால் திருப்பிக் கேட்பது நல்லது. எங்களுக்கு வரவிருந்த இன்வொய்ஸ் 198,240 மட்டும்தான், மிச்சம் இரண்டரை லட்சத்துக்கு மேல் எப்போது கழியும் என்று யாருக்கும் தெரியாது. மேடம் திருப்பிக் கேட்கச் சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சப்ளையருடைய கணக்குப் பிரிவில் சிலர் "ஒரு கிரெடிட் நோட் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். வாங்காதீர்கள். கிரெடிட் நோட் என்பது விற்பனையைக் குறைக்கும் கடுதாசி. அவர்கள் உங்களுக்கு எழுதியது ஒரே ஒரு இன்வொய்ஸ், அது சரியானது, பொருளும் வந்தது. கிரெடிட் நோட் வந்தால் அந்தச் சரியான விற்பனையும் அதன் வற் வரியும் அடிபட்டுப் போகும். பிழை உங்களுடைய புத்தகத்தில் இருக்கிறது, அதை உங்களுடைய புத்தகத்தில்தான் திருத்த வேண்டும். அவர்கள் தர வேண்டியது காசு மட்டும்.

திருத்தம்: மூன்றாம் தரமும் காசு போகக்கூடிய இடம்

இதை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள், புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான்.

காசு திரும்பி வந்ததும் பலர் செய்வது, வங்கியை டெபிட் பண்ணி சப்ளையரை கிரெடிட் பண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. லெஜரைப் பாருங்கள். இன்வொய்ஸ்கள் இரண்டு, இரண்டும் கிரெடிட். கொடுப்பனவுகள் இரண்டு, இரண்டும் டெபிட். இதுவரை பூச்சியம். இப்போது திரும்பி வந்த 486,750 இன்னொரு கிரெடிட். சப்ளையருக்கு 486,750 கொடுக்க இருக்கிறது என்று லெஜர் காட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது கொடுப்பனவுப் பட்டியல் எடுத்தால் அது வந்து நிற்கும், அதே காசு மறுபடி போகும்.

அதனால் முதலில் இரண்டாம் தரம் பதிவாகி நிற்கும் இன்வொய்ஸை மாற்றிப் பதிய வேண்டும், காசு வருகிறதோ இல்லையோ. நாங்கள் ஜூலை 31ஆம் திகதியிட்டு 4471 என்ற பதிவை மறுதலையாக்கினோம்: சப்ளையர் டெபிட் 486,750, பொதியிடல் செலவு கிரெடிட் 412,500, உள்ளீட்டு வற் கிரெடிட் 74,250. இதோடு ஜூலை மாதச் செலவு சரியாகிவிட்டது. சப்ளையர் லெஜரில் 486,750 டெபிட் மீதி வந்தது, அது உண்மையும்கூட, ஏனென்றால் அந்தத் தருணத்தில் அவர்கள்தான் எங்களுக்குக் கடன். மாத இறுதி அறிக்கையில் அந்தத் தொகையைக் கடன்கொடுத்தோர் மொத்தத்துக்குள் கழிந்து மறைய விடாமல், வர வேண்டிய ஏனைய தொகைகளில் காட்டினோம். ஆகஸ்ட் 4ஆம் திகதி காசு வந்ததும் வங்கி டெபிட், சப்ளையர் கிரெடிட். இப்போது வந்த பூச்சியம்தான் உண்மையான பூச்சியம்.

வற் தொகையைச் சின்ன விடயமாக விட்டுவிடாதீர்கள். ஒரே வற் இன்வொய்ஸுக்கு இரண்டு தரம் உள்ளீட்டு வரி கோர முடியாது. ஜூலை மாத வற் ஆகஸ்ட் 20ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும், விவரத்திரட்டு அந்த மாத முடிவுக்குள் போக வேண்டும். நாங்கள் அதற்கு முன்பே பிடித்ததால் ஜூலைக்குள்ளேயே திருத்த முடிந்தது. விவரத்திரட்டு போன பிறகு கண்டுபிடித்தால் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டி வரும், அப்படியானால் அதை மடலின் மூன்றாவது வரிக்குள் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மனேஜருக்கு அது தனி வேலை.

மடல்

சரி, மடலுக்கு வருவோம். நான் முதலில் எழுதிய வரைபு "ஜூலை 3ஆம் திகதி எங்களுக்கு ஒரு இன்வொய்ஸ் வந்தது" என்று தொடங்கியது. கதையாக வாசிக்க நன்றாக இருந்தது, ஆனால் காசு எங்கே என்று தெரிய ஐந்தாவது பந்திவரை போக வேண்டும். மாத முடிவில் அவருக்கு நூறு மடல்கள் வந்து கிடக்கும். வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது எவ்வளவு, காசு இப்போது எங்கே, தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்ற மூன்றும்தான். ஆகஸ்ட் 4ஆம் திகதி பின்னேரம் கடைசியில் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

> விடயம்: இரட்டைக் கொடுப்பனவு ரூ. 486,750 – காசு திரும்பி வந்துவிட்டது, ஜூலைக் கணக்கு திருத்தப்பட்டது – உங்கள் அனுமதி தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> அட்டைப்பெட்டி சப்ளையருக்கு INV-4471 இன்வொய்ஸுக்கான ரூ. 486,750 ஜூலை 11 அன்றும் ஜூலை 25 அன்றும் இரண்டு தரம் கொடுக்கப்பட்டதை ஜூலை 31 அன்று உங்களிடம் நேரில் சொன்னேன். கூடுதலாகப் போன முழுத் தொகையும் இன்று காலை எங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. ஜூலை மாதச் செலவிலோ வற் கோரலிலோ இப்போது பிழை இல்லை. உங்களிடம் தேவைப்படுவது இரண்டு: இணைத்துள்ள திருத்தப் பதிவுக்கான அனுமதி, கீழே கடைசியில் உள்ள முறைக்கு ஆம் அல்லது இல்லை.
>
> நடந்தது: சாரதி கையில் தந்த இன்வொய்ஸ் ஜி.ஆர்.என்னுடன் ஜூலை 3 அன்று INV-4471 என்று பதிவானது. மின்னஞ்சலில் வந்த அதே இன்வொய்ஸை ஜூலை 17 அன்று நான் 4471 என்று, ஜி.ஆர்.என் இல்லாமல் நேரடிச் செலவாகப் பதிந்தேன். எண்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாததால் சிஸ்டம் தடுக்கவில்லை. கொடுப்பனவுப் பட்டியல்களிலும் இவை வெவ்வேறு இன்வொய்ஸ்களாகவே தெரிந்தன. இரண்டு கொடுப்பனவும் காசேட்டிலும் வங்கியிலும் இருந்ததால் வங்கிக் கணக்கிணக்கத்தில் வேறுபாடு வரவில்லை. சப்ளையரின் ஜூலை ஸ்டேட்மென்டுடன் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.
>
> திருத்தியது: ஜூலை 31 திகதியில் 4471 பதிவு மறுதலையாக்கப்பட்டது (சப்ளையர் டெபிட் 486,750, பொதியிடல் செலவு கிரெடிட் 412,500, உள்ளீட்டு வற் கிரெடிட் 74,250). ஜூலை 31 அன்று வர வேண்டிய தொகையாகக் காட்டிய 486,750, இன்றைய வங்கி வரவோடு தீர்ந்தது. ஜூலை வற் விவரத்திரட்டு இன்னும் அனுப்பப்படவில்லை, அதில் இந்த இன்வொய்ஸ் ஒரு தரம் மட்டுமே வரும். சப்ளையர் கிரெடிட் நோட் எதுவும் தரவில்லை, தேவையுமில்லை.
>
> வேறு இருக்கிறதா என்று பார்த்தது: மே, ஜூன், ஜூலை மாதக் கொடுப்பனவுகளை சப்ளையர், தொகை அடிப்படையில் ஒப்பிட்டேன். ஒரே தொகை மறுபடி வந்த இடங்கள் மூன்று. ஒன்று இதுதான். மற்ற இரண்டும் களஞ்சிய வாடகையும் பாதுகாப்புச் சேவைக் கட்டணமும், மாதாமாதம் ஒரே தொகை, வெவ்வேறு இன்வொய்ஸ்கள். மூலப் பிரதிகளைப் பார்த்தேன். ஏப்ரலும் அதற்கு முன்பும் பார்க்கவில்லை.
>
> இனி: இன்வொய்ஸ் எண்ணை INV, கோடு, இடைவெளி, முன்னால் வரும் பூச்சியம் எதுவுமில்லாமல் பதியலாம் என்றும், பொருள் வாங்கலை நேரடிச் செலவாகப் பதிவதென்றால் ஸ்டோர்ஸின் பதிலை இணைக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் இந்த வெள்ளிக் கொடுப்பனவில் இருந்து தொடங்கலாம். சப்ளையருக்குப் போட்ட கொடுப்பனவுத் தடையை உங்கள் அனுமதி வந்ததும் எடுத்துவிடுவேன்.
>
> இணைப்பு: இன்வொய்ஸ் பிரதிகள் இரண்டும், சப்ளையர் ஸ்டேட்மென்ட், லெஜர், வங்கிக் கூற்றில் மூன்று வரிகள், திருத்தப் பதிவு.
>
> நன்றி

இதில் சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நான் பதிந்தேன்" என்று எழுதுவதா, "பதியப்பட்டது" என்று எழுதுவதா என்று நான் நிறைய யோசித்தேன். பதிந்தது நீங்கள் என்றால் நான் என்றே எழுதுங்கள், சிஸ்டத்தில் பதிந்தவரின் பெயர் எப்படியும் இருக்கிறது. பதிந்தது பக்கத்து மேசைக்காரர் என்றால் பெயர் போடாமல் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று எழுதுங்கள், பெயர் தேவையென்றால் அவர் நேரில் கேட்பார். மன்னிப்புக்கென்று தனிப் பந்தி நான் எழுதவில்லை. அதை 31ஆம் திகதி முகம் பார்த்துச் சொல்லிவிட்டேன், மடல் கணக்காய்வாளர் கைக்கும் போகும் கடுதாசி.

கொடுப்பனவுப் பட்டியலுக்குக் கையெழுத்து வைத்தவர்களில் மேடமும் ஒருவர். அதை நான் குறிப்பிடவில்லை. பட்டியலில் இரண்டும் எப்படித் தெரிந்தன என்று எழுதினால் போதும், அது உண்மை, யாரையும் சுட்டவும் இல்லை.

"ஏப்ரலும் அதற்கு முன்பும் பார்க்கவில்லை" என்ற வரியை எடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் விட்டுவைத்தேன். எதுவரை பார்த்தீர்கள் என்பதைப்போல எங்கே நிறுத்தினீர்கள் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அதை வாசித்துத்தான் மேடம் ஜனவரியில் இருந்து பார்க்கச் சொன்னார்.

அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். கொடுப்பனவு அறிக்கையை எக்செலுக்கு எடுத்து, A நிரலில் சப்ளையர் குறியீடு, D நிரலில் தொகை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெற்று நிரல் ஒன்றில் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS($A$2:$A$2000,A2,$D$2:$D$2000,D2)
```

1ஐ விடக் கூட வரும் வரிகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் இன்வொய்ஸை எடுத்துப் பாருங்கள். இன்வொய்ஸ் எண்ணை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் எண்ணை வேறாகப் பதிந்ததால்தானே பிழையே வந்தது. வாடகை போன்றவை சும்மா வந்து நிற்கும், அது பரவாயில்லை. ஆனால் ஒரு சப்ளையருக்கு இரண்டு குறியீடு திறந்திருந்தாலோ, இரண்டாவது தரம் வற் சதங்களில் வித்தியாசமாகப் பதிந்திருந்தாலோ இது பிடிக்காது. குறியீட்டுக்குப் பதிலாக சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை வைத்து இன்னொரு முறை ஓட்டினால் முதல் ஓட்டை அடைபடும். ஆனால் கணக்கு எண் 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் எக்செல் கடைசி இலக்கங்களை விட்டுவிட்டு வேறு வேறு எண்களையும் ஒரே எண்ணென்று எடுத்துவிடும், வந்த வரிகளைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசைத் திருப்பி வாங்கும்போது இன்னொரு கவனம். சப்ளையர் எங்கள் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டார். கம்பனியின் கடிதத் தாளில், கையெழுத்துடன் அனுப்பினோம், பிறகு அவர்கள் ஏற்கனவே தெரிந்த எங்கள் இலக்கத்துக்குப் போன் எடுத்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். மின்னஞ்சலில் வரும் புதிய கணக்கு எண்ணை நம்பிக் காசு அனுப்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சரிபார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்திலும் காசு வந்ததாக அவர்கள் சொன்னதை வைத்து எழுதவில்லை, வங்கிக் கூற்றில் வரியைக் கண்ட பிறகுதான் "திரும்பி வந்துவிட்டது" என்று எழுதினேன். காசு இன்னும் வராத நிலையில் மடல் போட வேண்டி வந்தால், வந்துவிடும் என்று எழுதாமல், யார் எப்போது அனுப்புவதாக எழுத்தில் சொன்னார் என்று எழுதி, அந்தத் திகதி தவறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

மேடத்தின் பதில் அன்றே வந்தது, இரண்டு வரி: பதிவுக்கு அனுமதி, முறைக்கு ஆம், ஜனவரி வரை பின்னோக்கிப் பார்க்கவும். அந்தப் பதிலையும் மடலையும் அச்செடுத்து திருத்தப் பதிவின் வவுச்சரோடு சேர்த்துக் குத்தி வைத்தேன், வருட முடிவில் கணக்காய்வுக்கு வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக மிஞ்சியது கொடுப்பனவுத் தடை. அதை எடுக்க மறந்துவிட்டால் 8ஆம் திகதி கொடுக்க வேண்டிய 198,240 நின்றுவிடும், நாங்கள் கேட்டதும் இரண்டே வேலை நாளில் காசைத் திருப்பித் தந்த சப்ளையருக்குத் தாமதமாகும். வியாழக்கிழமை தடையை எடுத்தேன், லெஜரில் அந்த ஒரு இன்வொய்ஸ் மட்டும் திறந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன், வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அது ஒரு தரம் மட்டும் ஏறியது.